அரை நொடி அழைப்பு: கப்பலின் டிஜிட்டல் அபாய ரேடியோ என்ன அனுப்புகிறது, கரை எப்படிப் பதில் சொல்கிறது

மரீனா சௌத் பியரில் படகுக்காகக் காத்திருந்தபோது, புதிதாகக் கடல்வேலைக்கு வந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, ரேடியோவில் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட் பிடித்துக்கொண்டு ஹெலிகாப்டரை அனுப்பிவிடுமாமே?" பக்கத்தில் இருந்தவர் பத்து வருடமாகப் படகில் இருப்பவர். அவரும் "ஆமாம், அப்படித்தான்" என்றார்.

அது அப்படி இல்லை. படகுகளில் இருக்கும் சாதாரண விஎச்எஃப் எனும் குறுந்தூர ரேடியோ சாட்டிலைட் வழியாக எதையும் அனுப்புவதே இல்லை. அந்தப் பொத்தான் யாரையும் அனுப்பி வைப்பதும் இல்லை. ஒரு சின்னப் படிவத்தை நிரப்பி, அலை எட்டும் தூரத்தில் உள்ள எல்லா ரேடியோக்களுக்கும் அது வீசிவிடுகிறது. அதைப் படித்து முடிவெடுப்பவர்கள் மனிதர்கள். படிவத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்தால்தான் பொத்தானை அழுத்திய பிறகு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நடுக்கடலுக்கான நீண்டதூர ரேடியோ, மிதந்துகொண்டே சாட்டிலைட்டுக்குக் குரல் கொடுக்கும் தனிக் கருவி ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். சிங்கப்பூர் நீரிணையில் ஓடும் ஒரு சிறு படகின் விஎச்எஃப் ரேடியோ மட்டும் போதும்.

## முன்பு எப்படி இருந்தது

கோப்பிக்கடையில் நல்ல கூட்டம். உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது. "யாராவது வாங்க!" என்று கத்துகிறீர்கள். கத்தலைக் கேட்க யாராவது இந்தப் பக்கம் காதைக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறு யாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் சொன்னது அவருக்குப் புரிய வேண்டும். பேச உங்களுக்குத் தெம்பும் இருக்க வேண்டும்.

கடலில் சேனல் 16 நெடுங்காலமாக அந்தக் கோப்பிக்கடையாகத்தான் இருந்தது. ஆபத்தில் இருப்பவர் அதில் குரல் கொடுப்பார், மற்றவர்கள் எந்நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நள்ளிரவில் தூக்கம் சொக்கும் மனிதக் காதை நம்பி நின்ற ஏற்பாடு அது. சேனல் 16 இன்றும் இருக்கிறது, இன்றும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மணிக்குப் பெயர் டிஎஸ்சி. டிஜிட்டல் செலக்டிவ் காலிங் என்பதன் சுருக்கம். குரலுக்குப் பதிலாக எண்களை அனுப்பி, எதிர் முனையில் உள்ள ரேடியோவை அலற வைக்கும் முறை. 1992 முதல் படிப்படியாகவும், 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல்சார் அபாயத் தொடர்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி இது. வீட்டுக் கதவு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும், கண் அசந்திருந்தாலும் மணி அடித்தால் எழுந்து வருவார். அதோடு, வந்தவர் தன் பெயர், முகவரி, வந்த காரணம் எல்லாம் எழுதிய சீட்டைக் கதவிடுக்கில் போட்டுவிட்டால் எப்படி இருக்கும்? டிஎஸ்சி செய்வது அதைத்தான்.

இந்த மணிக்கென்றே சேனல் 70 ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் யாரும் பேசக் கூடாது. டிஎஸ்சி உள்ள ரேடியோ, நீங்கள் வேறு சேனலில் இருந்தாலும் ஒரு காதைச் சேனல் 70-இல் வைத்துக்கொண்டே இருக்கும்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சேனல் 70-இல் மணி அடிக்கும், சேனல் 16-இல் பேச்சு நடக்கும். மணி தானாக அடிக்கும். பேச மனிதர் வேண்டும்.

## சீட்டில் என்ன எழுதியிருக்கும்

ஒரு கற்பனைப் படகை எடுத்துக்கொள்வோம். பெயர் செம்பருத்தி. நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறி, குடிநீர், உதிரிப்பாகங்கள் கொண்டு போகும் சிறு படகு. ஐந்து பேர் இருக்கிறார்கள். நீரிணையின் கிழக்கு வாயிலில், அதிகாலை 2.40 மணிக்கு, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் குழாய் வெடித்துவிடுகிறது. எஞ்சின் அறையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறுகிறது. பம்பு சமாளிக்கவில்லை.

படகை ஓட்டும் செராங், சுக்கான் அறையான வீல்ஹவுஸுக்கு ஓடிவருகிறார். ரேடியோவின் முகப்பில் சிவப்பு மூடி ஒன்று, அதன் மேல் DISTRESS என்ற எழுத்து. மூடியைத் தூக்க வேண்டும், அது ஸ்பிரிங் போட்டது, கையை எடுத்தால் திரும்ப மூடிக்கொள்ளும். ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு விரலால் பொத்தானைச் சில நொடிகள் விடாமல் அழுத்த வேண்டும். பல ரேடியோக்களில் மூன்று நொடி. ரேடியோ பீப் அடித்தபடி எண்ணும். தெரியாமல் கை பட்டு அழைப்பு போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த இரண்டு படிகள்.

நேரம் இருந்தால், அழுத்துவதற்கு முன் மெனுவில் ஆபத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். தீ, நீர் புகுதல், மோதல், தரை தட்டுதல், சாய்தல், மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், கடற்கொள்ளை என்று பட்டியல் இருக்கும். நேரம் இல்லையென்றால் நேரடியாக அழுத்திவிடலாம். வகை குறிப்பிடாத அபாயம் என்று போகும்.

செராங் நீர் புகுதலைத் தேர்ந்தெடுத்து அழுத்துகிறார். ரேடியோவிலிருந்து போகும் செய்தியின் சாரம் இதுதான்:

```
112          
563xxxxxx    
101          
0011610409   
1840         
100          
```

முதல் வரி 112. இது அபாய அழைப்பு என்று மற்ற ரேடியோக்களுக்குச் சொல்லும் குறி. இதைப் பார்த்ததும் அவை அலறத் தொடங்கும்.

இரண்டாவது எம்எம்எஸ்ஐ எண். ஒவ்வொரு கப்பல் ரேடியோவுக்கும் உரிய ஒன்பது இலக்க அடையாள எண் அது. முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். 563 முதல் 566 வரை சிங்கப்பூருக்கு உரியவை, 533 மலேசியா, 525 இந்தோனேசியா, 419 இந்தியா. கவனியுங்கள், சீட்டில் "செம்பருத்தி" என்ற பெயர் கிடையாது. எண் மட்டும்தான் போகிறது.

மூன்றாவது 101, நீர் புகுதல். நான்காவது இருப்பிடம். 0011610409 என்பதைப் பிரித்துப் படித்தால், முதல் 0 வடகிழக்குக் கால்பகுதியைக் குறிக்கும், அதாவது வட அட்சம், கிழக்குத் தீர்க்கம். அடுத்து 0116, ஒரு பாகை 16 நிமிடம் வடக்கு. கடைசி 10409, 104 பாகை 9 நிமிடம் கிழக்கு. ரேடியோவோடு இணைத்த ஜிபிஎஸ் இதைத் தருகிறது.

ஐந்தாவது 1840, அந்த இருப்பிடம் எடுக்கப்பட்ட நேரம். இங்கே பலர் குழம்புவார்கள். நம் கடிகாரத்தில் அதிகாலை 2.40. கடலில் உலகம் முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்பதால் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் அதைவிட எட்டு மணி முன்னால் ஓடுகிறது. அதனால் 2.40 என்பது முந்தைய நாள் மாலை 18.40 ஆகிறது. கடைசி 100, "இனிக் குரலில் பேசுவேன்" என்பதைச் சொல்கிறது.

அவ்வளவுதான் சீட்டு. எத்தனை பேர் இருக்கிறார்கள், காயம் உண்டா, மிதவைப் படகு இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எதுவும் அதில் இல்லை. பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

## அரை நொடியில் தப்பாமல் போவது எப்படி

இந்த எண்களெல்லாம் இரண்டு விசில் சத்தங்களாக மாறுகின்றன. ஒன்று 1300 ஹெர்ட்ஸ், இன்னொன்று அதைவிடக் கீச்சென்று 2100 ஹெர்ட்ஸ். ஒரு சத்தம் 1, மற்றது 0. நொடிக்கு 1200 வீதம் மாறி மாறி ஒலிப்பதால் முழுச் செய்தியும் சுமார் அரை நொடியில் போய்விடும். காதில் கேட்டால் ஒரு சின்னக் கீறல் சத்தம்தான்.

ரேடியோ அலையில் இரைச்சல் எப்போதும் உண்டு. வழியில் ஒரு 1 தவறி 0 ஆகிவிட்டால்? இருப்பிடத்தில் ஓர் இலக்கம் மாறினால் மீட்புப் படகு வேறு தீவைத் தேடிப் போகும். இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. இரண்டுமே நம் வீட்டு வழக்கங்கள்தாம்.

தேக்காவில் கடைக்காரர் பைக்குள் ஏழு பொருள் போட்டு அனுப்புகிறார், கூடவே "இதில் தேங்காய் மூன்று" என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார். வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது தேங்காய் இரண்டுதான் என்றால் ஏதோ மாறிவிட்டது என்று உடனே தெரியும். டிஎஸ்சியில் ஒவ்வொரு குறியும் ஏழு 1, 0-களால் ஆனது. அதன் பின்னால் வரும் மூன்று இடங்கள், "இந்த ஏழில் 0 எத்தனை" என்று சொல்லும் சீட்டு. நம் நீர் புகுதல் குறியான 101 போவது இப்படி:

```
1010011 011
```

முன்னால் உள்ள ஏழில் 0 எத்தனை? எண்ணிப் பாருங்கள், மூன்று. பின்னால் உள்ள 011 என்பது 1, 0 மட்டும் கொண்டு எழுதும் இரும எண் முறையில் மூன்று. கணக்குச் சரி, ஏற்றுக்கொள்ளலாம். கணக்கு இடித்தால் அந்தக் குறியை வாங்கும் ரேடியோ நம்பாது.

நம்பவில்லை என்றால் அந்த இடம் காலியாகிவிடுமே? அதற்குத்தான் இரண்டாவது ஏற்பாடு. போனில் யாருக்காவது எண் சொல்லும்போது, "எட்டு ஒன்று இரண்டு... திரும்பச் சொல்கிறேன், எட்டு ஒன்று இரண்டு" என்போம் இல்லையா? டிஎஸ்சியும் ஒவ்வொரு குறியையும் இருமுறை அனுப்புகிறது. ஆனால் அடுத்தடுத்து அனுப்புவதில்லை, நடுவில் வேறு சில குறிகளை விட்டு அனுப்புகிறது. ஒரு இடி மின்னல் இரைச்சல் முதல் பிரதியைக் கெடுத்தாலும், சற்றுத் தள்ளி வரும் இரண்டாவது பிரதி தப்பித்துவிடும். எனக்கு இந்த அமைப்பின்மேல் தனி மரியாதை உண்டு. இவ்வளவு எளிய யோசனை இத்தனை வருடங்களாக உயிர்களைக் காத்து நிற்கிறது.

யாரும் பதில் சொல்லவில்லை என்றால் ரேடியோ தானாகவே மறுபடி அனுப்பும். மூன்றரை முதல் நான்கரை நிமிட இடைவெளியில், ஒவ்வொரு முறையும் சற்று மாற்றி அனுப்பும். ஏன் சரியாக நான்கு நிமிடம் என்று வைக்கவில்லை? ஒரே நேரத்தில் இரண்டு படகுகள் அழுத்திவிட்டால், சம இடைவெளியில் இரண்டும் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டே இருக்கும். இடைவெளி மாறினால் அடுத்த முறை ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

எவ்வளவு தூரம் போகும்? விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். அதனால் சக்தியைவிட ஆன்டெனாவின் உயரம் முக்கியம். கரை நிலையங்களுக்குத் திட்டமிடும்போது பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: இரு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, கூட்டி, 2.5-ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். படகில் 4 மீட்டர், கரைக் கோபுரத்தில் 100 மீட்டர் என்றால் 2.5 × (2 + 10) = 30 கடல் மைல், சுமார் 55 கிலோமீட்டர். இரண்டு சிறு படகுகளுக்கு இடையே என்றால் 2.5 × (2 + 2) = 10 கடல் மைல்தான்.

சுருக்கமாகச் சொன்னால், அரை நொடிச் செய்தி, தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும், பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போகும், ஆனால் அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது.

## சீட்டே தவறாக இருந்தால்

செய்தி பழுதில்லாமல் போய்ச் சேர்வது வேறு, செய்தி உண்மையாக இருப்பது வேறு. ரேடியோ தன்னிடம் இருப்பதைத்தான் அனுப்பும்.

முதல் தொல்லை ஜிபிஎஸ். அதன் ஒயர் உப்புக் காற்றில் பச்சை பூத்து அறுந்துவிட்டால், ரேடியோ கடைசியாகத் தெரிந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று மணி நேரத்துக்கு முன் பாசிர் பஞ்சாங்கில் இருந்தோம் என்றால் அதையே அனுப்பும். அதனால்தான் சீட்டில் நேரமும் இருக்கிறது. அழைப்பு 18.40-க்கு வந்து, இருப்பிட நேரம் 15.30 என்று இருந்தால், கரையில் இருப்பவர் இது பழைய இடம் என்று புரிந்துகொள்வார். இருப்பிடமே இல்லாவிட்டால் பத்து இடத்திலும் 9 போகும், நேரத்தில் 8888 போகும். படகில் இருக்கும் நாம் இதை எப்படிக் கண்டுகொள்வது? ரேடியோத் திரையில் இருப்பிடமும் நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் ஓரிடத்தில் நின்றிருந்தால் ஒயரைப் பாருங்கள்.

இரண்டாவது தொல்லை எம்எம்எஸ்ஐ. படகை விற்று வாங்கும்போது பதிவை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். கரையில் அந்த எண்ணைத் தேடினால் பழைய முதலாளியின் போன்தான் கிடைக்கும். அவர் தூக்கக் கலக்கத்தில், "என் படகா? அதை நான் விற்று இரண்டு வருடமாச்சே" என்பார். பொன்னான நிமிடங்கள் போய்விடும்.

மூன்றாவது, பொய் அழைப்பு. நான் வேலை பார்த்த ஒரு படகில் புதிதாக வந்த பையன், "வேலை செய்கிறதா பார்க்கிறேன்" என்று மூடியைத் தூக்கி அழுத்திவிட்டான். பயத்தில் ரேடியோவையே அணைத்துவிட்டான். அதுதான் பெரிய தவறு. கரையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அபாய அழைப்பு வந்தது, உடனே அமைதியாகிவிட்டது. மூழ்கிய படகும் சரியாக அப்படித்தான் இருக்கும். செய்ய வேண்டியது வேறு: ரேடியோவில் அழைப்பை நிறுத்தி, சேனல் 16-க்குப் போய், படகின் பெயர், எம்எம்எஸ்ஐ, அழைப்பு போன நேரம் சொல்லி, "என் அபாய அழைப்பை ரத்து செய்கிறேன்" என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவிக்க வேண்டும். புதிய ரேடியோக்களில் ரத்துச் செய்தியை டிஎஸ்சியிலேயே அனுப்பும் வசதியும் உண்டு, ஆனாலும் குரலில் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் அதைச் சொன்னதும் கரையிலிருந்து வந்த குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர்கள் தேடுதலை நிறுத்தலாம். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

## கரையில் மணி அடித்ததும்

சிங்கப்பூரில் கடலில் தேடுதலையும் மீட்பையும் ஒருங்கிணைப்பது கடல்துறை, துறைமுக ஆணையம். அதன் கடல்துறை மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் இரவும் பகலும் விழித்திருக்கிறது. ஒருங்கிணைப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே இருப்பவர்களே படகை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. யார் பக்கத்தில் இருக்கிறார்கள், யாரை அனுப்பலாம், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை.

செம்பருத்தியின் அழைப்பு வந்து விழுகிறது. அலாரம் அலறுகிறது, திரையில் எண்கள். பொறுப்பில் இருப்பவர் முதலில் செய்வது ஏற்புச் செய்தி அனுப்புவது. "உன் சீட்டு கிடைத்தது" என்று சேனல் 70-இலேயே போகும் பதில் அது. அதைப் பெற்றதும் செம்பருத்தியின் ரேடியோ திரும்ப அனுப்புவதை நிறுத்தும், திரையில் பதில் வந்ததைக் காட்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பதில் வந்துவிட்டது, படகு வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். இன்னும் யாரும் கிளம்பவே இல்லை. உங்கள் சீட்டை ஒருவர் கையில் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

செராங்கின் ரேடியோ தானாகவே சேனல் 16-க்கு மாறியிருக்கும். அவர் மைக்கை எடுத்து அழைக்கிறார்: "மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் செம்பருத்தி, செம்பருத்தி, செம்பருத்தி." அடுத்து எம்எம்எஸ்ஐ, இருப்பிடம், எஞ்சின் அறையில் தண்ணீர், ஐந்து பேர், உடனே உதவி வேண்டும் என்கிறார். மணி 2.42. அவர் ஜிபிஎஸ் திரையைப் பார்த்துப் படிக்கும் இருப்பிடம் இன்னும் நுட்பமானது: 1 பாகை 16.4 நிமிடம் வடக்கு, 104 பாகை 9.2 நிமிடம் கிழக்கு.

அந்த ஒரு தசம இலக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். சீட்டில் 16 நிமிடம் என்றுதான் போனது. அது 16.0 ஆகவும் இருக்கலாம், 16.9 ஆகவும் இருக்கலாம். ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஆக, சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் செம்பருத்தி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. இரவில் அது பெரிய இடம். குரலில் சொன்ன தசமம் அதை இருநூறு மீட்டருக்குச் சுருக்கிவிட்டது. சில ரேடியோக்கள் கூடுதல் இலக்கங்களையும் சேர்த்து அனுப்பும். எல்லாம் அனுப்புவதில்லை.

ஒருங்கிணைப்பாளர் பேசிக்கொண்டே இருக்கும்போது பக்கத்து மேசையில் வேறு வேலைகள் ஓடும். எம்எம்எஸ்ஐ எண்ணைப் பதிவேட்டில் தேடி உரிமையாளரைக் கண்டுபிடிப்பார்கள். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நேரத்தோடு ஒவ்வொன்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள்.

செம்பருத்தி இருக்கும் இடம் துறைமுக எல்லைக்கு வெளியே, ஜொகூர் கரைக்கும் பாத்தாமுக்கும் நடுவில். அந்த அழைப்பு ஜொகூர் பாருவில் உள்ள மலேசிய மையத்துக்கோ தஞ்சோங் பினாங்கில் உள்ள இந்தோனேசிய மையத்துக்கோ கூடக் கேட்டிருக்கலாம். அப்போது யார் பொறுப்பு? அழைப்பை முதலில் பெற்றவர், இன்னொரு மையம் "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லும்வரை பொறுப்பை விடக் கூடாது. "அது அவர்கள் எல்லை" என்று போனை வைத்துவிடும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1979-இல் ஹாம்பர்கில் உருவான சர்வதேச உடன்படிக்கையின் அடியில் வளர்ந்த நடைமுறை இது.

## பக்கத்தில் இருக்கும் கப்பல் என்ன செய்ய வேண்டும்

அதே நேரம் மூன்று கடல் மைல் தொலைவில் டக் எனும் இழுவைப் படகு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அதன் ரேடியோவும் அலறியிருக்கும். மாலுமிக்கு உடனே கை நீளும், ஏற்புச் செய்தி அனுப்பும் பொத்தானுக்கு. அதைத் தொடக் கூடாது.

காரணம் எளிது. டிஎஸ்சியில் ஏற்புச் செய்தி போனால் செம்பருத்தியின் ரேடியோ திரும்ப அனுப்புவதை நிறுத்திவிடும். முதல் அழைப்பு கரைக்குக் கேட்காமல் போயிருந்தால், இனி கேட்கவே கேட்காது. உதவி செய்ய வந்த கையே வாயைப் பொத்தியது போல ஆகிவிடும். டக் செய்ய வேண்டியது, சேனல் 16-ஐக் கவனித்து, கரை பதில் சொல்லச் சற்று இடம் கொடுப்பது. கரை பேசவில்லை என்றால் குரலில் "மேடே கிடைத்தது" என்று செம்பருத்திக்குச் சொல்லி, எந்த வழியிலாவது கரைக்கும் தெரிவிப்பது.

இங்கே கரை பேசிவிட்டது. 2.44-க்கு ஒருங்கிணைப்பாளர் சேனல் 16-இல் "மேடே ரிலே" அறிவிக்கிறார். பிறர் சார்பாக அபாயச் செய்தியைத் திரும்ப ஒலிபரப்புவதற்கு அந்தப் பெயர். டக் பதில் சொல்கிறது: பத்து நாட், அதாவது மணிக்குப் பத்து கடல் மைல் வேகம், பதினெட்டு நிமிடத்தில் வந்துவிடுவேன். 2.45-க்குத் திரும்புகிறது. போலிஸ் கரையோரக் காவற்படைக்கும் தகவல் போகிறது. இதற்கிடையே வேறு யாரோ நங்கூரம் பற்றிப் பேச வாயெடுக்க, கரையிலிருந்து "சீலான்ஸ் மேடே" என்ற குரல் வருகிறது. பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அபாயப் பேச்சு முடியும்வரை இந்தச் சேனலில் வேறு யாரும் பேசாதீர்கள் என்று பொருள்.

இதுவரை மூன்று பதில்கள் வந்துவிட்டன. முதலில் ஏற்புச் செய்தி, பிறகு குரல், பிறகு ஒரு படகின் புறப்பாடு. ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிடக் கூடாது.

## 2.49 முதல் 3.20 வரை

2.49-க்குச் செம்பருத்தியின் ரேடியோ நின்றுபோகிறது. பேட்டரி எஞ்சின் அறையில் இருந்தது, தண்ணீர் அதை எட்டிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் மூன்று முறை கூப்பிடுகிறார், பதில் இல்லை. பதில் இல்லை என்பதால் அவர் எதையும் குறைத்துக்கொள்வதில்லை. கடைசியாகச் செராங் சொன்னது அவர் முன் எழுதப்பட்டிருக்கிறது: எல்லோரும் உயிர்காப்பு மேலங்கி போட்டிருக்கிறார்கள், மிதவைப் படகை இறக்கப்போகிறார்கள். 2.43-க்கு அவர் கேட்டு வாங்கி வைத்த விவரம் அது. நல்ல ஒருங்கிணைப்பாளர் ரேடியோ எந்த நிமிடமும் செத்துப்போகும் என்று வைத்துத்தான் கேள்விகளை வரிசைப்படுத்துவார். இடம், ஆட்கள், எதில் ஏறப்போகிறீர்கள். எஞ்சினில் என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம்.

டக் 3.03-க்குத்தான் போய்ச் சேரும். ஆனால் 2.42-க்குச் சொன்ன இடத்துக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. நீரிணையில் நீரோட்டம் சும்மா இருப்பதில்லை. அந்த நேரம் கிழக்கு நோக்கி மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது என்று வைப்போம். 21 நிமிடத்தில் 0.7 கடல் மைல், சுமார் 1.3 கிலோமீட்டர். காற்று மிதவைப் படகை இன்னும் கொஞ்சம் தள்ளும். ஒருங்கிணைப்பாளர் கணக்குப் போட்டு டக்குக்குப் புது இடம் கொடுக்கிறார்: 1 பாகை 16.4 வடக்கு, 104 பாகை 9.9 கிழக்கு. அங்கே போய், நீரோட்டம் போகும் திசையில் விளக்கடித்துத் தேடச் சொல்கிறார். அங்கு முதலில் சேருவதால், பிற்பாடு வரும் படகுகளை அந்த இடத்தில் வழிநடத்தும் பொறுப்பையும் டக் மாலுமியிடமே கொடுக்கிறார்.

3.06-க்கு டக்கின் விளக்கில் மேலங்கியின் ஒளிரும் பட்டை மின்னுகிறது. மிதவைப் படகில் நான்கு பேர். ஒருவர் அதன் ஓரக் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில். "ஐந்து பேர்" என்ற எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் நான்கு பேரைக் கண்டதும் யாரும் விளக்கை அணைக்கவில்லை.

3.20-க்கு ஐந்து பேரும் டக்கில். ஒருங்கிணைப்பாளர் பெயர்களைக் கேட்டு, உரிமையாளர் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். அதன் பிறகுதான் சேனல் 16-இல் "சீலான்ஸ் ஃபீனீ" ஒலிக்கிறது, மௌனம் முடிந்தது என்று. காவற்படைப் படகு தொடர்ந்து வருகிறது, தண்ணீரில் இருந்தவருக்கு மருத்துவம் வேண்டும். செம்பருத்தி இன்னும் முழுதாக மூழ்கவில்லை, முகப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, விளக்கில்லாமல் கிழக்கே மிதந்துகொண்டிருக்கிறது. அது போகும் வழியில் பெரிய கப்பல்கள் வருகின்றன. ஒருங்கிணைப்பாளர் அடுத்த எச்சரிக்கையை எழுதத் தொடங்குகிறார்.